வேலையை விட்டுப் போகும் கிளார்க் எழுதித் தரும் குறிப்பு: எந்தப் பேப்பர் எங்கே, என்ன பெயரில்

கேள்வி: “திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி ஆபீஸ்ல ஒன்பது வருஷமா கிளார்க்கா இருக்கேன். இந்த மாசக் கடைசியோட நிக்கிறேன். ஃபைல் எல்லாம் எங்க இருக்கு, கம்ப்யூட்டர்ல என்ன பேர்ல சேவ் பண்ணிருக்குன்னு எழுதிக் குடுத்துட்டுப் போகச் சொல்றாங்க. உட்கார்ந்து எழுதினா ரெண்டு பக்கத்துக்கு மேல வரல. இதுல என்னதான் எழுதணும்?”

பீரோவைப் பார்த்துக்கொண்டே எழுதியிருப்பீர்கள், அதனால்தான் ரெண்டு பக்கத்தில் முடிந்துவிட்டது. முதல் பீரோ மேல் தட்டு சேல்ஸ் பில், இரண்டாம் தட்டு பர்ச்சேஸ், கீழே பேங்க் ஸ்டேட்மென்ட். இதெல்லாம் புதிதாக வருபவர் கதவைத் திறந்தாலே தெரிந்துவிடும், பாக்ஸ் ஃபைலின் முதுகில் லேபிள் ஒட்டித்தானே இருக்கிறது. அவருக்குத் தெரியாத விஷயம் வேறு. சாயப்பட்டறையிலிருந்து ஒருவர் போன் போட்டு, சரக்கோடு போகும் டெலிவரி சலானை வைத்து “எங்க டிசி நம்பர் இது, மீதித் துணி எப்ப வந்துச்சுன்னு பார்த்துச் சொல்லுங்க” என்று கேட்டால், எந்த ஃபைலில் கை வைக்க வேண்டும், அங்கே இல்லாவிட்டால் அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்பது. இதை ஒன்பது வருடமாக யோசிக்காமலே செய்துவிட்டீர்கள், அதனால் எழுத உட்கார்ந்தால் நினைவுக்கு வராது. நானும் பத்து வருடம் உங்கள் நாற்காலியில்தான் இருந்தேன், அதற்குப் பிறகு ஆடிட்டர் ஆபீஸ் சார்பில் கம்பெனி கம்பெனியாகப் போய்க் கணக்குப் பார்க்கிற வேலை. ஆபீஸில் பத்து பேர், மிஞ்சிப் போனால் இருபது பேர் இருக்கிற இடங்கள்தான் எனக்குப் பழக்கம். அரசு அலுவலகத்தில் ந.க. எண், தன்பதிவேடு என்று தனி முறையே இருக்கிறது, நான் சொல்வது அங்கே பொருந்தாது.

ஒரு கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். பதினாலு வருடம் இருந்த கிளார்க் ஒருவர் நாலு பக்கம் முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பீரோ வாரியாக, தட்டு வாரியாக எல்லாம் இருந்தது. அவர் போன மூன்றாம் வாரம் ஜாப் ஒர்க், அதாவது வெளியே வேலைக்கு அனுப்பும் சரக்கின் டிசிகளைக் கேட்டு ஜிஎஸ்டியிலிருந்து கடிதம் வந்தது. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பி வந்ததைக் காட்ட வேண்டும் என்பது சட்டத்தின் 143ஆம் பிரிவு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். கேட்டதில் ஒன்று, 2023 மார்ச் 18 அன்று சாயத்துக்குப் போன 412 கிலோ கிரே துணி, அதாவது சாயம் போடாத துணி. குறிப்பில் “டிசி: பீரோ 2, நடுத்தட்டு” என்று இருந்தது. நடுத்தட்டில் ஆறு பாக்ஸ் ஃபைல். கம்பெனி அனுப்பிய டிசி உடனே கிடைத்தது. அதன் பின்னாலேயே பட்டறையின் டிசி ஒன்று பின் போட்டிருந்தது, மார்ச் 27, 201 கிலோ. மீதித் துணி என்ன ஆனது என்றுதான் தெரியவில்லை. மூன்று பேர் ஒன்றரை நாள் தேடினோம். பட்டறைக்குப் போன் போட்டால் அவர்கள் “ஏப்ரல்லயே அனுப்பிட்டோமே” என்கிறார்கள், அந்த டிசியின் நகல் அவர்களிடமும் இல்லை.

கடைசியில் பழைய கிளார்க்குக்கே போன் போட்டோம். அவர் சிரித்தபடி, “ஏப்ரல்ல வந்துச்சுன்னா அது அடுத்த வருஷ ஃபைல்ல இருக்குமேங்க” என்றார். அதேதான். ஏப்ரல் 6ஆம் தேதி வந்த 188 கிலோ டிசி, 2023-24 ஃபைலில் முதல் பேப்பராக இருந்தது. 201-ம் 188-ம் சேர்ந்து 389, குறைந்த 23 கிலோ சாயத்தில் போகும் கழிவு, ஐந்தரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அவர் ஒரு விதி வைத்திருந்தார்: திரும்பி வரும் டிசியை நம்முடைய டிசிக்குப் பின்னால் வைப்பது, ஆனால் மார்ச் 31 தாண்டி வந்தால் வந்த தேதிப்படி புது வருட ஃபைலில் போட்டுவிடுவது. வருட முடிவில் பழைய ஃபைலைக் கட்டி ஆடிட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம், அது திரும்பி வரும்வரை புதுப் பேப்பரை வைக்க இடம் இருக்காது. நல்ல காரணம்தான். ஆனால் அந்த விதியும் காரணமும் நாலு பக்கத்தில் எங்கேயும் இல்லை, ஏனென்றால் அவருக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது.

அதனால் நீங்கள் பீரோ வாரியாக எழுதியதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அது முதல் பக்கம். இரண்டாம் பக்கத்திலிருந்து, கேட்டு வருகிறவர்கள் வாரியாக எழுதுங்கள். யார் கேட்பார், கையில் எதை வைத்துக்கொண்டு கேட்பார் என்பதுதான் தொடக்கம். பையர் ஆபீஸ் பர்ச்சேஸ் ஆர்டர், அதாவது பிஓ நம்பரை வைத்துக் கேட்கும், ஆனால் உங்கள் சேல்ஸ் ஃபைல் இன்வாய்ஸ் நம்பர்படி இருக்கும். சாயப்பட்டறைக்காரர் அவருடைய டிசி நம்பரைச் சொல்வார், நீங்களோ உங்கள் டிசி நம்பர்படி அடுக்கியிருப்பீர்கள். ஆடிட்டர் மாதத்தைச் சொல்லிக் கேட்பார், முதலாளி “அந்த மஞ்சக் கலர் துணி பிரச்சனையாச்சே, அந்த பில்” என்று கேட்பார். கேட்கிற நம்பருக்கும் அடுக்கியிருக்கிற நம்பருக்கும் நடுவில் எதைப் பிடித்து நீங்கள் தாண்டுகிறீர்கள் என்பதுதான் புதியவருக்கு வேண்டும். பெரும்பாலும் அது ஒரு நோட்டாக இருக்கும், அல்லது டேலி கணக்கு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு பதிவுக்கும் விளக்கம் எழுதும் நரேஷனில் நீங்கள் அடித்து வைக்கும் நம்பராக இருக்கும். “பிஓ நம்பர் சொன்னால் டேலியில் நரேஷனில் தேடவும், அங்கே வரும் இன்வாய்ஸ் நம்பரை எடுத்துக்கொண்டு ஃபைலுக்குப் போகவும். 2021-க்கு முன்னால் நரேஷனில் பிஓ நம்பர் போடவில்லை, அதற்குப் பச்சை அட்டை ஆர்டர் நோட்டைப் பார்க்கவும்.” இந்த இரண்டு வரி, பீரோ படம் வரைந்து கொடுப்பதைவிட உபயோகம்.

இதை ஒரே நாளில் உட்கார்ந்து யோசித்து எழுத முடியாது. இன்னும் இருக்கிற நாட்களில் யார் எதைக் கேட்டாலும், எடுத்துக் கொடுத்த கையோடு ஒரு துண்டுச் சீட்டில் என்ன கேட்டார்கள், எங்கே எடுத்தேன், முதலில் எங்கே பார்த்தேன் என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்து நாளில் இருபது முப்பது சீட்டு சேரும், குறிப்பில் பாதி அதிலிருந்தே வந்துவிடும். வருடத்துக்கு ஒரு முறை மட்டும் வருகிற வேலைகள் இந்தப் பத்து நாளில் சிக்காது. தீபாவளி போனஸ் ஷீட், லைசென்ஸ் புதுப்பித்தல், தராசு முத்திரை, வருடக் கணக்கு முடிக்கும்போது கேட்கிற ஸ்டாக் பட்டியல் என்று இருக்கும். அதற்குப் போன வருட இன்வேர்டு நோட்டையும் செலவு வவுச்சரையும் ஏப்ரலில் தொடங்கி மாதம் மாதமாகப் புரட்டிப் பாருங்கள், “அட, இது ஒண்ணு இருக்குல்ல” என்று தானாகவே ஞாபகம் வரும்.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். ஃபைல் பெயர்களைப் பற்றி எழுதும்போது முதலில் வருடம் என்றால் எந்த வருடம் என்று சொல்லிவிடுங்கள். வெறும் `2024` என்று ஒரு ஃபோல்டர் இருந்தால், 2024 பிப்ரவரி பில் அதில் இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. கணக்கு வருடப்படி அது 2023-24. நீங்கள் இரண்டு விதமாகவும் வைத்திருக்கலாம், பில்லுக்குக் கணக்கு வருடம், சம்பளத்துக்குக் காலண்டர் வருடம் என்று. பல ஆபீஸில் அப்படித்தான் இருக்கிறது, தப்பில்லை, எழுதி வைத்தால் போதும். அடுத்தது, பெயரில் இருக்கும் தேதி எந்தத் தேதி. சப்ளையர் மார்ச் 30 தேதியிட்டு பில் போட்டிருப்பார், உங்கள் கைக்கு ஏப்ரல் 4 அன்று வரும். ஸ்கேன் செய்து சேவ் பண்ணும்போது எதைப் போட்டீர்கள்? நான் பார்த்தவரை மூன்றில் ஒரு விதமாக இருக்கும்: பில் தேதி, வந்த தேதி, ஸ்கேன் செய்த தேதி. பெயரில் பில் தேதியும், ஃபோல்டர் மட்டும் டேலியில் பதிந்த வருடப்படியும் வைத்தவர்கள் உண்டு. நீங்கள் உண்மையில் எப்படிச் செய்தீர்களோ அதை எழுதுங்கள், எப்படிச் செய்திருக்க வேண்டும் என்பதை எழுதாதீர்கள். இடையில் முறையை மாற்றியிருந்தால் எந்த மாதத்திலிருந்து என்பதும் வேண்டும்.

அப்புறம் ஒரு முழுப் பெயரை எடுத்து, துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டுங்கள். இப்படி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
\\ACCOUNTS-PC\OFFICE\FY2024-25\02_PURCHASE\2024-08-12_YARN_S017_4471.pdf
```

இதற்குக் கீழே எழுத வேண்டியது: முதலில் பில் தேதி, வருடம் மாதம் நாள் என்ற வரிசையில். அடுத்து சரக்கு. `S017` என்பது சப்ளையர் நம்பர், அதன் பட்டியல் எந்த எக்செல்லில் இருக்கிறது. கடைசியில் அவர் பில் நம்பர். தேதியை ஏன் தலைகீழாகப் போட்டிருக்கிறது என்று புதியவர் கேட்பார், அல்லது கேட்காமல் தன் வழக்கப்படி `12-08-2024` என்று போடத் தொடங்கிவிடுவார். அப்படிப் போட்டால் பெயர் வரிசையில் அடுக்கும்போது எல்லா மாதத்து 1ஆம் தேதியும் ஒன்றாக வந்து நிற்கும், அதற்குப் பிறகு எல்லா மாதத்து 2ஆம் தேதியும். அதனால்தான் வருடம் முன்னால் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், காரணம் தெரிந்தால்தான் ஆட்கள் முறையை மதிக்கிறார்கள். “டேட் மாடிஃபைட் பார்த்துக்கலாமே” என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது: யாராவது திறந்து ஒரு எழுத்தை மாற்றி சேவ் பண்ணினால் அந்தத் தேதி இன்றைக்கு மாறிவிடும், பெயரில் இருக்கும் தேதி மாறாது.

சேல்ஸ் இன்வாய்ஸுக்கு மட்டும் நம்பர் முன்னால் வருவதுதான் நல்லது, ஏனென்றால் நம்பர் நாம் போடுவது, தேதி வரிசையிலேயே ஓடும், கேட்பவர்களும் நம்பரைத்தான் கேட்பார்கள். இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. ஜிஎஸ்டியில் இன்வாய்ஸ் நம்பர் பதினாறு எழுத்துக்குள் இருக்கலாம், சாய்கோடும் இணைப்புக்கோடும் போடலாம். அதனால் `INV/24-25/0147` என்று அச்சில் இருக்கும். ஆனால் விண்டோஸில் ஃபைல் பெயரில் சாய்கோடு போட முடியாது, `\ / : * ? " < > |` இந்த ஒன்பதும் ஆகாது. நீங்கள் `INV-24-25-0147` என்று மாற்றிப் போட்டிருப்பீர்கள், அல்லது கீழ்க்கோடு போட்டிருப்பீர்கள், அல்லது எரிச்சலில் `147` என்று மட்டும். புதியவர் பில்லில் இருப்பதை அப்படியே தேடல் பெட்டியில் அடித்துவிட்டு “சார், ஃபைலே இல்லை” என்பார். பில்லில் சாய்கோடு, கம்ப்யூட்டரில் இணைப்புக்கோடு என்று நாலே வார்த்தை எழுதினால் தீர்ந்தது.

பாதையைக் கம்ப்யூட்டர் பெயரோடு எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். “இசட் டிரைவில் இருக்கிறது” என்று எழுதினால், அந்த எழுத்து உங்கள் மெஷினில் மட்டும் அப்படி மேப் செய்யப்பட்டிருக்கலாம். பக்கத்து மெஷினில் அது ஒய் ஆக இருக்கும். “டெஸ்க்டாப்பில் இருக்கிறது” என்பது அதைவிட மோசம். டெஸ்க்டாப் என்பது உங்கள் லாகினுக்குள் இருக்கும் ஒரு ஃபோல்டர், நீங்கள் போன பிறகு சர்வீஸ் பையன் வந்து உங்கள் யூசரை அழித்துப் புதியவருக்குப் புது யூசர் போட்டுக் கொடுத்தால் அதோடு அதுவும் போய்விடும். டெஸ்க்டாப்பையும் டவுன்லோட்ஸையும் இந்த வாரமே பொது ஃபோல்டருக்கு மாற்றுங்கள்.

சப்ளையர் பெயர்களுக்குத் தனியாகக் கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள், நம் ஊரில் அதிகம் குழம்புவது இங்கேதான். பாதிக் கம்பெனிகள் ‘ஸ்ரீ’யில் தொடங்கும். அகர வரிசை ஃபைலில் எல்லாம் ஒரே எழுத்தில் விழுந்து ஒரு பாக்ஸ் ஃபைல் மட்டும் மூட முடியாமல் பிதுங்கும். அதனால் கிளார்க்குகள் ‘ஸ்ரீ’யை விட்டுவிட்டு அடுத்த சொல்லை வைத்து அடுக்குவார்கள், சாமி பெயர் நாலு பேருக்கு இருந்தால் ஊரை வைத்தோ முதலாளி பெயரை வைத்தோ பிரிப்பார்கள். “ஸ்ரீயைக் கணக்கில் எடுக்கவில்லை” என்று எழுதாவிட்டால் புதியவர் தேடி அலுத்துப் போவார். கம்ப்யூட்டரில் இன்னொரு தலைவலி: ஒருவர் `SRI` என்று போடுவார், இன்னொருவர் `SREE`, லெட்டர்பேடில் `SHRI`. ஒன்றைத் தேடினால் மற்றது வராது. நீங்கள் ஒரே விதமாக அடித்திருந்தால் எந்த விதம் என்று சொல்லுங்கள். ஒரே விதமாக இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள், அப்போதுதான் மூன்றையும் தேடிப் பார்ப்பார். நீங்களே வைத்த சுருக்கங்களுக்கும் ஒரு பட்டியல் தேவை. `RM` என்றால் ஒரு ஆபீஸில் ரா மெட்டீரியல், இன்னொரு ஆபீஸில் ராமசாமி அண்ணன் கணக்கு.

பழைய தமிழ்க் கடிதங்கள் இருக்கிறதா? ஈபி ஆபீஸ், பஞ்சாயத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று எழுதியவை. ஒன்பது வருடத்துக்கு முந்தையது என்றால் பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் திறந்தால் ‘அம்மா’ என்று இருக்க வேண்டிய இடத்தில் `mk;kh` என்று தெரியும். ஃபைல் கெட்டுப்போச்சு என்று நினைத்து அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபான்ட் பெயரையும், அதை எந்த ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள், முக்கியமான கடிதங்களை பிடிஎஃப்பாகவும் ஒரு பிரதி மாற்றி வைத்துவிடுங்கள். இப்போதைய யூனிகோட் தமிழில் அடித்து உள்ளடக்கத்தைத் தேடினால் இந்தக் கடிதங்கள் சிக்காது என்பதும் ஒரு வரி.

குறிப்பு எழுதும்போது பழைய பெயர்களைப் பார்த்தால் உங்களுக்கே வெட்கமாக இருக்கும். `quotation final`, `quotation final new`, `quotation final new 2`. எல்லாவற்றையும் அழகாகப் பெயர் மாற்றிவிட்டுப் போகலாம் என்று கை பரபரக்கும். செய்யாதீர்கள். இதை நான் உறுதியாகவே சொல்வேன், ஏனென்றால் ஒரு எக்செல் இன்னொரு எக்செல்லிலிருந்து எண்ணை இழுத்துக்கொண்டிருந்தால், இழுக்கப்படும் ஃபைலின் பெயரையோ இடத்தையோ மாற்றியதும் இணைப்பு அறுந்துவிடும். பழைய எண் அப்படியே காட்டிக்கொண்டிருக்கும், சில மாதம் கழித்துத்தான் யாராவது கண்டுபிடிப்பார்கள், அப்போது நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். இப்படி இணைந்திருக்கும் ஃபைல்கள் எவை என்பதைக் குறிப்பில் எழுதுங்கள், சம்பள ஷீட்டும் காஸ்டிங் ஷீட்டும்தான் பெரும்பாலும். மூன்று ‘ஃபைனல்’களில் எது பார்ட்டிக்குப் போனது என்பதை மெயிலைத் திறந்து பார்த்து அந்த ஒன்றை மட்டும் குறிப்பிட்டால் போதும். பேப்பர் ஃபைலிலும் இதே கதைதான், கடைசி வாரத்தில் அடுக்கை மாற்றினால் நீங்கள் எழுதிய குறிப்பே தப்பாகிவிடும். புதியவர் ஆறு மாதம் பழகிவிட்டு மாற்றட்டும் என்பது என் அபிப்பிராயம், இதில் என்னோடு ஒத்துப்போகாத ஆடிட்டர்களும் இருக்கிறார்கள்.

ஃபைலில் இருக்க வேண்டியது, ஆனால் ஃபைலில் இல்லாதது என்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கட்டிடப் பத்திரத்தின் ஒரிஜினல் லோனுக்காக பேங்கில் இருக்கும், பீரோவில் இருப்பது ஜெராக்ஸ். தராசு முத்திரைச் சான்று பேக்கிங் பக்கம் சுவரில் மாட்டியிருக்கும். லைசென்ஸ் முதலாளி அறையில் ஃபிரேம் போட்டிருக்கும், அதன் பின்னால் பழைய வருடத்தது இரண்டு சொருகியிருக்கும். 2019-20 வவுச்சர்கள் ஆடிட்டர் ஆபீஸுக்குப் போய் இன்னும் திரும்பவில்லை. “இதர” என்று ஒரு ஃபைல் எல்லா ஆபீஸிலும் உண்டு. அதைத் திறந்து ஒவ்வொரு பேப்பராகப் பார்த்துப் பட்டியல் போடுங்கள், அரை நாள் வேலைதான், அதில்தான் ஈபி டெபாசிட் ரசீது மாதிரி, தொலைந்தால் அலைய வைக்கும் சமாச்சாரங்கள் இருக்கும். ஒரிஜினல் எங்கே போயிருக்கிறது, யார் வாங்கிப் போனார், எந்தத் தேதியில் என்று உங்களுக்கு நினைவிருப்பதை எழுதிவிட்டு, ஊகம் என்றால் ஊகம் என்றே எழுதுங்கள். “ஆடிட்டரிடம் இருக்கலாம், உறுதியில்லை” என்பது நேர்மையான வரி, தேடுபவருக்கும் உதவும். உறுதியாக எழுதிவிட்டு அங்கே இல்லை என்றால் மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்.

உங்கள் சொந்த போன் விஷயத்தைத் தள்ளிப் போடாதீர்கள். டிரான்ஸ்போர்ட்காரர் தரும் எல்ஆர் ரசீது போட்டோ, பார்ட்டி அனுப்பிய பேமென்ட் ஸ்க்ரீன்ஷாட், மாஸ்டர் அனுப்பிய லாட் எடை எல்லாம் உங்கள் வாட்ஸ்அப்பில்தான் வந்து குவிந்திருக்கும். தேவையானதைப் பொது ஃபோல்டருக்கு இறக்கிவிட்டு, ஆபீஸ் நம்பருக்கு அனுப்பச் சொல்லிப் பார்ட்டிகளுக்குத் தகவல் கொடுங்கள். சொந்த ஜிமெயிலில் கூகுள் ஷீட் போட்டு ஷேர் செய்திருந்தால் அது உங்கள் கணக்கில்தான் இருக்கிறது, நாளைக்கு நீங்கள் இடம் இல்லை என்று அழித்தால் அவர்களுக்கும் போய்விடும். ஆபீஸ் ஜிமெயிலில் பிரதி எடுத்து, இன்றிலிருந்து இதில்தான் எழுத வேண்டும் என்று தேதி போட்டு எழுதுங்கள். ஜிஎஸ்டி போர்ட்டலிலோ இ-வே பில்லிலோ ஓடிபி உங்கள் நம்பருக்கு வந்துகொண்டிருந்தால் போவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள், பிறகு உங்களுக்குத்தான் தொந்தரவு. பாஸ்வேர்டு எதையும் குறிப்பில் எழுத வேண்டாம், தனிக் கவரில் ஒட்டி முதலாளி கையில் கொடுங்கள்.

எந்த வருட ஃபைலைக் கழிக்கலாம் என்ற கேள்வியும் புதியவருக்கு வரும், பீரோவில் இடம் இருக்காதே. ஜிஎஸ்டிக்கு, அந்த வருடத்தின் ஆண்டு ரிட்டர்ன் போட வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2023-24 என்றால் ஆண்டு ரிட்டர்ன் தேதி 2024 டிசம்பர் 31, அதனால் 2030 டிசம்பர் 31 வரை. அப்பீல் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அது முடிந்து ஒரு வருடம் வரை, எது பிந்தையதோ அதுவரை. வருமான வரி, பிஎஃப், ஈஎஸ்ஐ எல்லாவற்றுக்கும் வேறு வேறு கணக்கு, அதனால் இந்த ஒன்றை வைத்து மூட்டை கட்டிவிடாதீர்கள். “ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்காமல் எதையும் எடைக்குப் போட வேண்டாம்” என்று எழுதிவிட்டுப் போங்கள், பழைய மூட்டைகள் மேல்மாடியில் எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை இருக்கின்றன என்பதோடு.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை இருக்கிறது, இதை மட்டும் தவற விடாதீர்கள். ஆபீஸில் ஃபைல் பக்கமே வராத ஒருவரை, பேக்கிங் சூப்பர்வைசரையோ மெர்ச்சன்டைசரையோ கூப்பிட்டு, உங்கள் குறிப்பை மட்டும் கையில் கொடுத்து ஐந்து பேப்பர் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு மார்ச்-ஏப்ரல் எல்லையில் இருப்பதாகவும், ஒன்று ‘ஸ்ரீ’ சப்ளையராகவும், ஒன்று கம்ப்யூட்டரில் மட்டும் இருப்பதாகவும், ஒன்று ஃபைலுக்கு வெளியே இருப்பதாகவும் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் கஷ்டம். அவர் தப்பான பாக்ஸ் ஃபைலை இழுக்கும்போது “அதில்ல, பக்கத்துல” என்று சொல்லத் தோன்றும் பாருங்கள், அந்த வாக்கியம்தான் குறிப்பில் விட்டுப்போனது, உடனே எழுதிக்கொள்ளுங்கள். நான் ஒரு முறை இப்படிச் செய்தபோது ஐந்தில் இரண்டுதான் கிடைத்தது, அவ்வளவு நம்பிக்கையோடு எழுதியிருந்தேன்.

மொத்தம் ஏழெட்டுப் பக்கம் வரும், அதற்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். தேதி போட்டு இரண்டு பிரதி எடுத்து, மீதி செக் லீஃப் நம்பர்கள், ஒரிஜினல் ஆவணங்கள், சாவிகள் இவற்றின் பட்டியலையும் சேர்த்து, “பெற்றுக்கொண்டேன்” என்று கையெழுத்து வாங்கி ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். இன்னொன்றை ஃபைலில் போட்டால் அதையும் தேட வேண்டியிருக்கும், அதனால் பிளாஸ்டிக் கவரில் போட்டு முதல் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். கம்ப்யூட்டரில் பொது ஃபோல்டருக்குள் `00_READ_FIRST` என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் வைத்தால், பெயர் வரிசையில் அடுக்கும்போது மேலே வந்து நிற்கும்.